திட்டுவது என் துறை: செல்வகுமாரியின் மீடியா கிட்

பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர்களில் திட்டு வாங்காமல் வளர்ந்த பிள்ளை என்று ஒன்றைக் காட்ட முடியாது. சோறும் திட்டும் ஒரே கையால் பரிமாறப்படும் இடம் அது. ஆனால் ஊரை விட்டுப் போன பிள்ளைகள் துபாயில் உட்கார்ந்துகொண்டு, ஒரு திட்டுக்காக ஏங்குவார்கள் என்று செல்வகுமாரிக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் கண்டுபிடித்தாள். அதுவும் ஒரு மோட்டாரின் புண்ணியத்தில்.

நாற்பத்து மூன்று வயது. ஒரு காணி கரும்பு, அதை ஒட்டிக் கொஞ்சம் நெல், இரண்டு மாடு, ஒரு மகள், ஒரு கணவர். இதில் கடைசியாகச் சொன்னவர் இளங்கோவன். ஊர்க் கோயில் கமிட்டியில் கணக்கர். திருவிழா வரியைத் தலைக்கட்டு வாரியாகப் பிரித்து வசூலிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கரும்புக்குத் தண்ணீர் கட்டுவதில் மிஞ்சாத ஆளில்லை.

ஒரு சித்திரை மாதம். கரும்புத் தோகை சுருண்டு கிடக்கிறது, மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோகிறது. செல்வகுமாரி மோட்டார் கொட்டகைக்குள் போய், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏன்டா, ஒனக்கு இன்னா கொற வெச்சேன் நானு? வெயிலு படக்கூடாதுன்னு கொட்டாய் போட்டேன். மழ படக்கூடாதுன்னு தார்ப்பாய் போட்டேன். ஆயுத பூசைக்கு ஒனக்குப் பொட்டு, மால, பொரி, கடல. வருசத்துக்கு ஒருநா சாமின்னு கும்புட்டா, மீதி நாளெல்லாம் சாமியாட்டமே ஒக்காந்துனு கீறியே! டீக்கடையில ஒக்காந்து பேப்பரு படிக்கத்தான் பொறந்தியா நீ? ஊரான் வூட்டுக் கணக்கெல்லாம் வெரல் நுனில வெச்சிருக்கியே, ஒன் வூட்டுப் பயிரு காயறது கண்ணுக்குத் தெரியலையா?"

மோட்டார் எந்தக் காலத்தில் டீக்கடையில் பேப்பர் படித்தது என்று கேட்கக் கூடாது. ஊருக்கே தெரியும். இளங்கோவனுக்கு மட்டும் தெரியாது. இருபத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் செல்வகுமாரி புருஷனை ஒரு சொல் திட்டியதில்லை என்று அவர் டீக்கடையிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கேட்பவர்கள் டீயைக் குனிந்து குடிப்பார்கள்.

மகள் யாமினி அதைப் போனில் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். திருபுவனையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். போகும் பஸ்ஸில் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். வரும் பஸ்ஸில் பார்த்தால், ஆயிரக்கணக்கில் ஆட்கள். 'அம்மா, என் அம்மா திட்டுவது மாதிரியே இருக்கிறது, இன்னொரு முறை திட்டுங்கள்' என்று ஒருவன். 'நான் மூன்று மாதமாக வீட்டுக்குப் போன் பண்ணவில்லை, என்னையும் திட்டுங்கள் அம்மா' என்று சார்ஜாவிலிருந்து இன்னொருவன். செல்வகுமாரி அவனையும் திட்டினாள். அவன் அழுதுகொண்டே நன்றி சொன்னான். 'செல்வகுமாரி திட்டுறாங்க' என்ற பக்கம் அப்படித்தான் பிறந்தது.

அவளுக்கென்று சட்டம் உண்டு. கெட்ட வார்த்தை கூடாது. பிறப்பு, நிறம், உருவம் இவற்றைத் தொடக் கூடாது. திட்டச் சொல்லிக் கேட்காத மனிதரைத் திட்டக் கூடாது. மோட்டார், கரண்டு, காக்காய், அடுப்பில் பொங்கி வழியும் பால் இவை கேட்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்தில் தொண்ணூறாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவள் அதை நம்பவில்லை. "அவ்ளோ பேருக்குத் திட்டறதுக்கு வூட்ல ஆளில்லையா?" என்று அவர்களுக்காக வருத்தப்பட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோயம்புத்தூரிலிருந்து வேங்கை பம்ப்ஸ் என்ற மோட்டார் கம்பெனி அந்தப் பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பியது. உங்களோடு சேர்ந்து விளம்பரம் செய்ய விருப்பம், உங்கள் மீடியா கிட்டை அனுப்புங்கள்.

"கிட்டுன்னா இன்னாடி? பொட்டியா?" என்றாள் செல்வகுமாரி.

"பொட்டியில்லமா. ஒரு பக்கம், ரெண்டு பக்கம் பிடிஎஃப். மேல ஒன் போட்டோ. நீ யாரு, இன்னா மாதிரி வீடியோ போடற, யாரு பாக்கறாங்க, அவங்க ஆம்பளையா பொம்பளையா, வயசு இன்னா, எந்த ஊரு, எவ்ளோ பேரு. அவ்ளோதான். அவங்க பொருள வாங்கற ஆளுங்க நம்மகிட்ட இருக்காங்களான்னு பாப்பாங்க. வளவளன்னு எழுதக்கூடாது. நீ இன்னா பண்றியோ அத நேராச் சொல்லணும்."

"நான் இன்னா பண்றேன்?"

"திட்டற."

செல்வகுமாரி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தாள். ரேஷன் கார்டில் அவள் இல்லத்தரசி. மகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் இல்லத்தரசி. கரும்பு வெட்டுக்கு ஆள் பிடிப்பது, மாடு கறப்பது, மோட்டார் போடுவது எல்லாம் அவள்தான். ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்று எந்தத் தாளும் ஒருநாளும் கேட்டதில்லை. புகுந்த வீட்டில் முதல் பத்து வருடம் 'வாய் நீளம்' என்று பேர் வாங்கி, அந்த வாயை மூடி வைத்து, கடைசியில் ஒரு மோட்டாரிடம் திறந்தவள். அதையே இப்போது கோயம்புத்தூர்க்காரன் எழுத்தில் கேட்கிறான். விளம்பரம் கிடைக்கிறதோ இல்லையோ, தன் பேருக்குப் பக்கத்தில் தன் தொழில் இருக்கும் ஒரு தாள் வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டாள்.

"திட்டுறேன்னு போடு. அவ்ளோதான்" என்றாள்.

யாமினி போனிலேயே ஒரு வரைவு போட்டாள். ஆனால் கம்பெனியில் சரக்கிருப்பு சரிபார்க்கும் வாரம் அது. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்கள். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று இளங்கோவன் முன்வந்தார். திருவிழா நோட்டீஸ் எழுதி எழுதிப் பழகிய கைக்கு இது என்ன பிரமாதம்?

கிட் அடிக்கப் போகுமுன் மகளிடம் ஒன்று மட்டும் கேட்டார். அம்மா பக்கத்தின் ஸ்டோரியில் ஒரு ஓட்டெடுப்பு வை. கேள்வி: நீங்கள் யார்? பதில் நான்கு. கல்யாணம் ஆன ஆண். கல்யாணம் ஆகாத ஆண். பெண். கணவரை இழந்த பெண்.

"எதுக்குப்பா?"

"ஒரு கணக்குக்கு."

எப்படியும் நாலு பேர் விரல் வைப்பார்கள், பக்கத்துக்கு நல்லதுதான் என்று யாமினியும் வைத்துவிட்டாள். ஆயிரக்கணக்கில் ஓட்டு விழுந்தது. பாதிப் பேர் கூடவே செய்தியும் அனுப்பியிருந்தார்கள்: 'இன்னும் ஆகவில்லை அம்மா, அதற்கும் சேர்த்துத் திட்டுங்கள்.'

வரைவை எடுத்துக்கொண்டு இளங்கோவன் வில்லியனூருக்குப் போனார். கடைத்தெருவில் மணிபாரதி வைத்திருக்கும் டிடிபி சென்டர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் அடிப்பவன். வரைவின் முதல் வரியைப் படித்தான்: 'நான் செல்வகுமாரி. நான் திட்டுவேன்.'

"அண்ணே, இத அப்படியே போட்டா அண்ணிக்கி அசிங்கமில்ல?"

"அதாண்டா நானும் சொல்றேன். பொண்ணுக்கு மாப்ள பாக்கற நேரம் வேற. மாமியாரு வேல திட்டறதுன்னு தாள்ல பாத்தா எவன் வருவான்? நீ மரியாதையா ஒண்ணு போடு."

மணிபாரதியின் கம்ப்யூட்டரில் மரியாதை தயாராகவே இருந்தது. போன வாரம் ஒரு கிழவியின் முப்பதாம் நாளுக்கு அடித்த வாசகத்தை எடுத்து ஒட்டினான். 'அன்பின் உறைவிடமும், அதிர்ந்து பேசாத பண்பாளரும், இல்லத்தரசியுமான திருமதி செல்வகுமாரி இளங்கோவன் அவர்கள்.' பழைய தேதிகளை அழிக்க மறக்கவில்லை. அந்த மட்டும் நல்லது.

"துறைன்னு ஒண்ணு இருக்குண்ணே. இன்னா போட?"

"ஆன்மீகம்னு போடு. அதுல எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

அடுத்தது பார்வையாளர்கள். யாமினி எழுதியிருந்தது தொண்ணூறாயிரம். இளங்கோவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இங்கேதான் அவருடைய முப்பது வருட அனுபவம் வந்து குறுக்கே படுத்தது.

ஊர் வழக்கத்தில் ஆள் என்றால் தலைக்கட்டு, அதாவது வரி கட்டும் ஒரு குடும்பம். கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு. ஆகாதவன் அப்பன் கணக்கில் அடக்கம், தனியாக எண்ணக் கூடாது. பெண்கள் புருஷன் கணக்கில் அடக்கம். கணவரை இழந்தவர் அரைத் தலைக்கட்டு. கேட்டும் பதில் சொல்லாதவன், வரி பாக்கிக்காரன் மாதிரி, பட்டியலிலேயே இல்லை. வெளியூர் போனவன் மட்டும் எத்தனை தூரம் போனாலும் உண்டு.

"தொண்ணூறாயிரம்னு போட்டா நாளைக்கி எவனாச்சும் எண்ணிப் பாத்தா மானம் போயிடும்டா. நேர்மையா போடுவோம்."

ஓட்டெடுப்பை எடுத்தார். கழித்தார். அடக்கினார். அரைகளைக் கூட்டினார். கடைசியில் மீடியா கிட்டில் இப்படி அச்சானது: 'பார்வையாளர்கள்: இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தொன்றரைத் தலைக்கட்டு.' ஓரங்களில் இரண்டு குத்துவிளக்கு. கீழே 'அனைவரும் வருக' என்று மணிபாரதி பழக்கதோஷத்தில் போட்டுவிட்டான். கடையிலிருந்தே கம்பெனிக்கு அனுப்பியும் விட்டார்கள்.

"திட்டுறேன்னு போட்டீங்களா?" என்று வீட்டில் செல்வகுமாரி கேட்டாள்.

"போட்டாச்சி" என்றார் இளங்கோவன், சட்டையை ஆணியில் மாட்டியபடி.

அந்த ஒரு வார்த்தையில் அவள் ஐந்து நாள் பறந்தாள். மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது சிரித்தாள். காக்காயைக்கூட அரை மனதோடுதான் திட்டினாள். திட்டில் காரம் குறைகிறதே, உடம்பு சரியில்லையா என்று கேட்டு சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் எழுதினார்கள்.

ஆறாம் நாள் மாலை போன் வந்தது. யாமினி வேலை முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். இளங்கோவன் நாற்காலியில். செல்வகுமாரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கமுங்க மேடம். வேங்கை பம்ப்ஸிலிருந்து அரிகரன் பேசறேனுங்க. உங்க மீடியா கிட் பாத்தமுங்க. மன்னிக்கணும், இந்தத் தடவை முடியாதுங்க."

"ஏன் சார்?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எங்களுக்கு நல்லா வாய்விட்டுத் திட்டற ஒருத்தர் வேணுமுங்க. பழுதான மோட்டாரால விவசாயி படற கோவத்த சொல்றதுக்கு. உங்க கிட்ல அதிர்ந்தே பேச மாட்டாங்கன்னு இருக்குதுங்க. துறை ஆன்மீகம்னு இருக்குதுங்க."

யாமினியின் கையில் காபி அப்படியே நின்றது.

"அதைவிட இன்னொண்ணுங்க. உங்க பக்கத்துல தொண்ணூறாயிரம் பேர் தெரியறாங்க. கிட்ல ரெண்டாயிரத்துச் சொச்சம்னு போட்டிருக்கீங்க. எண்ணிக்கைய ஏத்திச் சொல்றவங்களத்தான் பாத்திருக்கோம். எறக்கிச் சொன்ன மொத ஆள் நீங்கதானுங்க. அப்ப மீதி எல்லாம் காசு குடுத்து வாங்குன பொய் ஆளுங்கன்னுதானே அர்த்தம்? அப்புறம் அந்த அரை... நாப்பத்தொன்றரைங்கறீங்க. அந்த அரை ஆளு யாருன்னு எங்க ஆபீஸ்ல ரெண்டு நாளா பேசிட்டிருக்கோமுங்க."

செல்வகுமாரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். இளங்கோவன் மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னாங்க போட்டீங்க அதுல?"

"மரியாதையா இருக்கட்டுமேன்னு மணிபாரதி ஒரு கெழவியோட முப்பதாம் நாள் வாசகத்த எடுத்து ஒட்டனான். ஆளுங்கள நான் தலைக்கட்டா எண்ணனேன்..."

"போட்டாச்சின்னு சொன்னீங்களே."

செல்வகுமாரி இடுப்பில் கை வைத்தாள். யாமினி இதை எத்தனையோ முறை மோட்டார் கொட்டகையில் பார்த்திருக்கிறாள், வீட்டுக்குள் பார்ப்பது இதுதான் முதல் முறை. போனைத் துண்டிக்க யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஸ்பீக்கரில் கிடந்தது.

"ஒனக்கு இன்னா கொற வெச்சேன் நானு?" என்று ஆரம்பித்தாள். "வெயிலு படாம வெச்சேன். மழ படாம வெச்சேன். தீவாளிக்கு வேட்டி, பொங்கலுக்குச் சட்ட, ஒம்போது மணிக்கு டீ. சாமின்னு கும்புட்டா சாமியாட்டமே ஒக்காந்துனு கீறியே! பொண்டாட்டி வாய்க்கு ஒலகமே காது குடுக்குது, ஒனக்கு மட்டும் அசிங்கமா பூட்ச்சா? அதிர்ந்து பேச மாட்டேனா? நான் பேசாம இருந்திருந்தா ஒன் கரும்பு எப்பவோ வெறவா பூட்டிருக்கும்! செத்த கெழவி வாசகத்த எடுத்து உசுரோட இருக்கறவ நெத்தில ஒட்டியிருக்கியே, ஒட்டும்போது கை நடுங்கல? கல்யாணம் ஆவாதவன் ஆளில்லையா? பொம்பள ஆளில்லையா? புருசன் செத்தவ அரையா? அந்தப் புள்ளைங்க ராத்திரி சோத்த முழுங்கும்போது என் கொரல போட்டுக்கறானுங்க. அவனுங்கள வரி கட்டலன்னு பட்டியல்லேந்து அடிச்சிட்டியே! எல்லாந்தான் போவட்டும். ஒரு வார்த்த கேட்டேன். ஆயுசுல ஒரே ஒரு வார்த்த. அத எழுதறதுக்கு ஒனக்கு மனசு வரலையே."

கடைசி வரியில் குரல் உடைந்தது. அதுதான் இளங்கோவனைத் தைத்தது. மற்றதையெல்லாம் அவர் ஏற்கனவே எங்கேயோ கேட்டிருக்கிறார். எங்கே என்று யோசித்தார். மோட்டார் கொட்டகை ஞாபகம் வந்தது. டீக்கடை, பேப்பர், விரல் நுனிக் கணக்கு எல்லாம் வரிசையாக வந்தது. இருபத்து நான்கு வருடம்! அவர் முகம் போன போக்கைப் பார்த்து யாமினி காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த மோட்டாரு... நானா?" என்றார்.

'இல்லை' என்று யாரும் சொல்லவில்லை.

மேசைமேல் கிடந்த போனிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "மேடம், நான் லைன்லதான் இருக்கறனுங்க. இப்பப் பேசினீங்களே, இதத்தான் நாங்க தேடிட்டிருந்தமுங்க. இதையே நேரா எழுதி இன்னொரு கிட் அனுப்புங்க. யாரு யாரு பாக்கறாங்கன்னு காட்டற இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டும் கூட வெச்சிருங்க. பொய் ஆளுங்க இல்லேன்னு நாங்க பாத்துக்கறோம்."

அன்றைக்கே எழுதினார்கள். செல்வகுமாரி சொல்லச் சொல்ல யாமினி தட்டினாள், எண்களை மட்டும் பக்கத்தின் இன்சைட்ஸைத் திறந்து பார்த்துப் போட்டாள். குத்துவிளக்கு இல்லை.

'நான் செல்வகுமாரி. பாகூர் பக்கம் கரும்பு வைக்கிறேன். நான் திட்டுவேன். மோட்டாரை, கரண்டை, காக்காயை. கேட்டுக்கொண்டால் உங்களையும். கெட்ட வார்த்தை கிடையாது. என்னைப் பின்தொடர்பவர்கள் தொண்ணூறாயிரம் பேர். பத்தில் ஏழு பேர் ஆண்கள். அதிகம் பேர் இருபத்தைந்திலிருந்து முப்பத்து நான்கு வயது. சென்னை, புதுச்சேரி, துபாய், சிங்கப்பூர், பாரிஸ். அவர்களில் நிறையப் பேருக்கு ஊரில் நிலமும் மோட்டாரும் உண்டு. பணம் அவர்கள் அனுப்புகிறார்கள், மோட்டாரை அப்பா வாங்குகிறார். இது அவர்கள் கமெண்ட்டில் சொல்லித் தெரிந்தது. கல்யாணம் ஆகாதவர்களும் என் கணக்கில் ஆள்தான்.'

இளங்கோவன் தள்ளி நின்று படித்தார். திருத்தம் எதுவும் சொல்லவில்லை. திருவிழா நோட்டீஸ் வரலாற்றிலேயே இது முதல் முறை.

கம்பெனி ஒத்துக்கொண்டது. புது மோனோபிளாக் மோட்டார் லாரியில் வந்து இறங்கியது. கூடவே ஒரு நிபந்தனைத் தாள். இது விளம்பரம் என்ற அடையாளம் வீடியோவில் தெரிய வேண்டும். மோட்டார் ஓடுவது தெரிய வேண்டும். எக்காரணம் கொண்டும் எங்கள் மோட்டாரைத் திட்டக் கூடாது.

பழையதைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே புது மேடையில் மாட்டினார்கள். ஓடியது. தண்ணீர் கொட்டியது. செல்வகுமாரி இடுப்பில் கை வைத்து நின்றாள். சொல்ல ஒன்றுமில்லை. மறுநாளும் ஓடியது. அடுத்த நாளும் ஓடியது. பழுதாகிற மாதிரி ஒரு முனகல்கூடக் கிடையாது. திட்டுகிறவளை வேலைக்கு எடுத்துவிட்டு, திட்ட வழியில்லாத பொருளை அனுப்பிவிட்டார்களே என்று யாமினி தலையில் கை வைத்தாள்.

அப்போது இளங்கோவன் கொட்டகைக்குள் வந்தார். சலவை வேட்டி, கையில் செய்தித்தாள். பழைய மோட்டார் இருந்த சிமெண்டு மேடையைத் துண்டால் தட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"உன் சட்டப்படி, கேக்காத ஆளத் திட்டக்கூடாது இல்ல?" என்றார். "கேக்கறேன். திட்டு."

"மோட்டாரே வேல செய்யிது, நீ பேப்பரு படிக்கிற!" என்று தொடங்கிய அந்த வீடியோவை இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இளங்கோவன் கணக்கு வைப்பதில்லை. டீக்கடைக்குப் போனால் இப்போது முன்பின் தெரியாதவர்கள்கூட அவரோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறார்.

போன மாதம் வீட்டுக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வாசலில் நின்று பெயர், வயது எல்லாம் போனில் தட்டிக்கொண்டாள். செல்வகுமாரி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு இல்லத்தரசின்னு போட்டுக்கவாங்க?" என்றாள் அந்தப் பெண், பதிலுக்குக் காத்திராமல் தட்டப் போனபடி.

"போடாதம்மா" என்றார் இளங்கோவன், தெருவுக்கே கேட்கும்படி. "அவங்க திட்டறாங்க."

"யாரைங்க?"

"மொதல்ல மோட்டார. இப்ப என்னிய. தொண்ணூறாயிரம் பேரு கேக்கறாங்க. கல்யாணம் ஆவாதவங்களயும் சேத்து."

அந்தப் பெண் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்படி ஒரு கட்டம் இல்லை. கடைசியில் சுயதொழில் என்ற கட்டத்தைத் தொட்டு, என்ன தொழில் என்று கேட்ட இடத்தில் 'திட்டுதல்' என்று தட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலை யாமினி கொட்டகையில் போனைத் தூக்கிப் பிடித்தபோது செல்வகுமாரி வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்தாள். மேடைமேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி வர மாட்டேங்குதுடி" என்றாள். "நாளைக்கித் திட்டிக்கலாம்."